உங்க போர்ட்ஃபோலியோ உச்சத்துல இருந்து எவ்வளவு இறங்கியிருக்கு? ஆப் சொல்லாது, நீங்கதான் கணக்கு வைக்கணும்

உங்க இன்வெஸ்ட்மென்ட் ஆப்பை இப்பவே திறந்து பாருங்க. போட்ட பணம் எவ்வளவுன்னு இருக்கும். இன்னைக்கு மதிப்பு எவ்வளவுன்னு இருக்கும். லாபம் எத்தனை சதவீதம்னு பச்சை கலர்ல இருக்கும், கீழ போனா எக்ஸ்ஐஆர்ஆர் கூட இருக்கும். ஆனா ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் அங்க பதில் கிடைக்காது: "என் பணம் இதுவரைக்கும் தொட்ட உச்சத்துல இருந்து இப்ப எத்தனை சதவீதம் கீழ இருக்கு?"

இதுக்குப் பேருதான் டிராடவுன். உச்சத்துல இருந்து வந்த சறுக்கல். இதுவரைக்கும் வந்த சறுக்கல்லயே பெரிசு எதுவோ அது மேக்ஸிமம் டிராடவுன். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இன்னைக்குச் சறுக்கல் 4%னு இருக்கலாம், அதே போர்ட்ஃபோலியோவோட மேக்ஸிமம் 17%னு இருக்கலாம். சந்தை மீண்டுட்டா முதல் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிடும். ரெண்டாவது எண் தழும்பு மாதிரி, அப்படியே நிக்கும். அலெர்ட் வைக்க வேண்டியது முதல் எண்ணுக்கு. "நான் எவ்வளவு வரைக்கும் தாங்கியிருக்கேன்"னு தெரிஞ்சுக்க உதவுறது ரெண்டாவது.

நிஃப்டி 50-ஐ எடுத்துக்கோங்க. 2008 ஜனவரி 8-ம் தேதி 6,287-ல முடிஞ்சுது, அதே வருஷம் அக்டோபர் 27-ல 2,524. கிட்டத்தட்ட 60% சறுக்கல். 2020-ல ஜனவரி 14-ல 12,362, மார்ச் 23-ல 7,610. இது 38%. 2024 செப்டம்பர் 26-ல 26,216-ல இருந்து 2025 மார்ச் 4-ல 22,082. இது கிட்டத்தட்ட 16%. வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆன உங்கள்ல நிறைய பேருக்கு, நேர்ல பார்த்த பெரிய சறுக்கல் இந்தக் கடைசி 16% தான். "நான் மார்க்கெட் இறக்கத்தைப் பார்த்துட்டேன்"னு நினைக்கிறது இந்த அனுபவத்தை வெச்சுத்தான்.

ஆப் காட்டுற லாப சதவீதத்துல ஏன் இது தெரியாதுன்னு கேப்பீங்க. அது நீங்க போட்ட விலையில இருந்து அளக்குது, உச்சத்துல இருந்து இல்ல. 3 லட்சம் போட்டு அது 5 லட்சம் ஆகி, இப்ப 3.75 லட்சத்துக்கு வந்திருக்குன்னு வைங்க. ஆப் இன்னும் "+25%"னு பச்சையிலேயே நிக்கும். நீங்க உச்சத்துல இருந்து இழந்தது 25%. ரெண்டும் உண்மைதான். ஆனா "ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு முன்பணம் கட்டணும்"னு இருக்கிறவருக்கு எது முக்கியம்?

எஸ்ஐபி போடுறவங்க மாட்டிக்கிற இடம்

"இதென்ன பெரிய கணக்கு சார், மொத்த மதிப்பைத் தினமும் எக்செல்ல போட்டு, அதிகபட்சத்தோட ஒப்பிட்டாப் போதுமே"ன்னு சொல்வீங்க. மாசச் சம்பளக்காரங்க எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். உங்க போர்ட்ஃபோலியோவுக்குள்ள மாசாமாசம் புதுப் பணம் வந்துக்கிட்டே இருக்கு. அந்தப் பணம் சறுக்கலை மூடி மறைச்சிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்ககிட்ட 5,00,000 ரூபாய் போர்ட்ஃபோலியோ இருக்கு. இதை ஒரு மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி நினைச்சுக்கோங்க: ஒரு யூனிட் 100 ரூபாய், மொத்தம் 5,000 யூனிட். முதல் மாசம் சந்தை இறங்கி யூனிட் 90-க்கு வந்துடுச்சு. மதிப்பு 4,50,000. அன்னைக்கு உங்க எஸ்ஐபி 45,000 உள்ள வருது. 90 ரூபாய்க்கு 500 யூனிட் கிடைக்குது. மொத்தம் 5,500 யூனிட், மதிப்பு 4,95,000. எக்செல்ல பார்த்தா வெறும் 1% குறைவு.

அடுத்த மாசம் யூனிட் 75-க்கு வருது. 5,500 யூனிட்டோட மதிப்பு 4,12,500. இந்த மாசம் எஸ்ஐபி 45,000, அதோட போனஸ்ல இருந்து இன்னொரு 45,000 போடுறீங்க. 90,000-க்கு 1,200 யூனிட். இப்ப மொத்த மதிப்பு 5,02,500.

இப்ப பாருங்க. மொத்த மதிப்பை மட்டும் பார்க்கிற உங்க எக்செல் "புது உச்சம், சறுக்கல் பூஜ்யம்"னு சொல்லுது. நிஜத்துல உங்க பணம் 100-ல இருந்து 75-க்கு வந்திருக்கு, அதாவது 25% சறுக்கல். 20%-ல அலெர்ட் வெச்சிருந்தாலும் அது அடிச்சிருக்காது. உங்க சம்பளத்தைப் போட்டு ஓட்டையை அடைச்சுட்டு, ஓட்டையே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க.

எதிர்ப்பக்கமும் நடக்கும். அடுத்து யூனிட் 84-க்கு ஏறுது, உங்க 6,700 யூனிட்டோட மதிப்பு 5,62,800. வீட்ல கல்யாணம், 1,26,000 எடுக்குறீங்க. மீதி 4,36,800. இப்ப எக்செல் "22% சறுக்கல்"னு அலறும். நிஜச் சறுக்கல் 16% தான், அதுவும் குறைஞ்சுக்கிட்டு வருது. தேவைப்பட்டப்ப தூங்கின மணி, தேவையில்லாதப்ப அடிக்குது.

அதனால என் கருத்து நேரடியானது: யூனிட் கணக்கு வைக்காம டிராடவுன் பார்க்கிறதுக்கு, பார்க்காமலேயே இருக்கலாம். ஃபண்ட் ஹவுஸ் எல்லாம் தினமும் என்ஏவி போடுறது இதே காரணத்துக்குத்தான். முதலீட்டாளர்கள் பணம் உள்ள வந்தாலும் வெளிய போனாலும் என்ஏவி அசையாது, யூனிட் எண்ணிக்கைதான் மாறும். சந்தை அசைஞ்சா மட்டுமே என்ஏவி அசையும். உங்க சொந்த போர்ட்ஃபோலியோவுக்கும் ஒரு என்ஏவி போடுங்க.

ஷீட்டை எப்படி அமைக்கிறது

கூகுள் ஷீட்ஸ் போதும். ரெண்டு ஷீட் வேணும். முதல் ஷீட்டுக்கு `Holdings`னு பேரு வைங்க. அதுல உங்க ஃபண்ட், பங்கு, எத்தனை யூனிட், இன்னைக்கு விலை, கடைசியில மொத்தம். மொத்தம் `E1` செல்லுல இருக்கட்டும். பங்கு, ஈடிஎஃப் விலையை `=GOOGLEFINANCE("NSE:NIFTYBEES")` மாதிரி எடுக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் என்ஏவி ஆம்ஃபி தினமும் போடுற `NAVAll.txt` ஃபைல்ல இருக்கு. அதை ஷீட்டுக்குள்ள இழுக்கிறது கொஞ்சம் கனமான வேலை. நாலு ஃபண்டுதான் இருக்குன்னா, தூங்கப் போறதுக்கு முன்னாடி கையாலயே டைப் பண்ணிடலாம்னு நான் சொல்வேன்.

ரெண்டாவது ஷீட் பேரு `DD`. முதல் வரி தலைப்பு. A தேதி, B மதிப்பு, C உள்ள வந்த பணம் (வெளிய எடுத்தா மைனஸ்), D யூனிட், E என்ஏவி, F உச்சம், G இன்றைய சறுக்கல், H மேக்ஸிமம் சறுக்கல். ரெண்டாவது வரியில தொடக்கத்தைக் கையால போடுங்க: C-ல 0, D2-ல `=B2/100`, E2-லயும் F2-லயும் 100, G2, H2 ரெண்டும் 0. மூணாவது வரியில இருந்து இதுதான்:

```
D3: =D2+C3/E3
E3: =B3/D2
F3: =MAX(F2,E3)
G3: =E3/F3-1
H3: =MIN(H2,G3)
```

இதுல கவனிக்க வேண்டியது E3. இன்னைக்கு மதிப்பை நேத்து இருந்த யூனிட்டால வகுக்கணும். அதாவது B-ல வர்றது புதுப் பணம் சேர்றதுக்கு முன்னாடி இருக்கிற மதிப்பு. எஸ்ஐபி விஷயத்துல இங்க ஒரு சின்னச் சிக்கல் வரும்: பேங்க்ல பணம் கழியிற நாள் வேற, யூனிட் ஒதுக்குற நாள் வேறயா இருக்கலாம். நீங்க எழுத வேண்டியது யூனிட் ஒதுக்கின நாள்ல. பேங்க் எஸ்எம்எஸ் வந்த நாள்ல எழுதினா, பணம் வந்ததாவும் மதிப்பு ஏறாததாவும் கணக்கு ஆகி, என்ஏவி ஒரு நாள் தப்பாகும்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவுல ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போய் இதைப் போடுங்க:

```
function checkDD() {
  var ss = SpreadsheetApp.getActive();
  var s = ss.getSheetByName("DD");
  var v = ss.getSheetByName("Holdings").getRange("E1").getValue();
  var me = Session.getEffectiveUser().getEmail();
  if (typeof v != "number" || v <= 0) {
    MailApp.sendEmail(me, "DD: price error", String(v));
    return;
  }
  var r = s.getLastRow() + 1;
  s.getRange(r, 1, 1, 3).setValues([[new Date(), v, 0]]);
  s.getRange(r - 1, 4, 1, 5).copyTo(s.getRange(r, 4));
  SpreadsheetApp.flush();
  var dd = -s.getRange(r, 7).getValue();
  var p = PropertiesService.getScriptProperties();
  var on = p.getProperty("alert") == "1";
  if (!on && dd >= 0.12) {
    MailApp.sendEmail(me, "DD alert", (dd * 100).toFixed(1) + "%");
    p.setProperty("alert", "1");
  }
  if (on && dd < 0.09) p.setProperty("alert", "0");
}
```

டிரிக்கர் பகுதியில தினமும் காலை 6-ல இருந்து 7 மணிக்குள்ள ஓடுற மாதிரி வைங்க. ஃபண்ட் என்ஏவி ராத்திரி 11 மணி வரைக்கும் வரும், அதனால மதியம் ஓட்டினா பழைய விலைதான் கிடைக்கும். "லைவ்"னு சொன்னதும் நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கணும்னு நினைக்காதீங்க. மியூச்சுவல் ஃபண்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே விலைதான். நாளுக்கு ஒரு தடவைதான் உங்களுக்கு லைவ். எஸ்ஐபி யூனிட் ஒதுக்கின அன்னைய வரியில C செல்லுல தொகையை எழுதிட்டு, அதுக்கப்புறம்தான் `Holdings`ல யூனிட்டை ஏத்தணும். இந்த வரிசை மாறக்கூடாது.

ஸ்கிரிப்ட்ல மேல இருக்கிற அந்த `typeof` வரியைத் தேவையில்லாததுன்னு எடுத்துடாதீங்க. விலை வராம `#N/A`ன்னு வந்தா அது எண்ணே இல்ல. அந்தச் சோதனை இல்லைன்னா, "12%-ஐத் தாண்டுச்சா" என்கிற கேள்விக்கு எப்பவும் "இல்லை"ன்னுதான் பதில் வரும், மெயில் வராது. நீங்க நிம்மதியா இருப்பீங்க. அலெர்ட் விஷயத்துல நான் பயப்படுறது தப்பான மணியைப் பார்த்து இல்ல, செத்துப்போன மணியைப் பார்த்துத்தான். அதனால சனிக்கிழமை சனிக்கிழமை இன்றைய சறுக்கல் என்னன்னு ஒரு மெயில் வர்ற மாதிரி இன்னொரு டிரிக்கர் வெச்சுக்கோங்க. அந்த மெயில் வரலைன்னா ஷீட் படுத்துடுச்சுன்னு அர்த்தம்.

12%-ல அடிச்ச அலெர்ட், சறுக்கல் 9%-க்குக் கீழ வந்தாத்தான் மறுபடி தயாராகும். இது ஏன்னா, சந்தை 11.9, 12.1, 11.8, 12.2னு ஊசலாடும். ஒவ்வொரு தடவையும் மெயில் வந்தா, நாலாவது மெயிலை நீங்க படிக்க மாட்டீங்க.

போனஸ், ஸ்ப்ளிட் வந்தாலும் ஷீட் ஏமாறும். 2024 அக்டோபர்ல ரிலையன்ஸ் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்தப்ப விலை பாதியாச்சு. ஷீட்ல பங்கு எண்ணிக்கையை ரெண்டு மடங்கா மாத்தலைன்னா ஒரே நாள்ல பெரிய சறுக்கல்னு காட்டும். ஒரே நாள்ல ஒரே பங்கு சரியா பாதியாகியிருந்தா, பதறதுக்கு முன்னாடி கார்ப்பரேட் ஆக்‌ஷன் பாருங்க.

பிஎஃப், எமர்ஜென்சி ஃபண்ட் ரெண்டையும் இந்த ஷீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. 8 லட்சம் பிஎஃப் சேர்த்தா எந்தச் சறுக்கலும் அழகா, சின்னதாத்தான் தெரியும். ஆனா சந்தை விழுந்த அன்னைக்கு அந்தப் பணத்தை எடுத்து உங்களால எதுவும் செய்ய முடியாது.

எல்லை 20%னு எழுதிட்டா ஆயிடுமா

இனிதான் கஷ்டமான பகுதி. "என் எல்லை 20%"னு நிறைய பேர் எழுதி வெச்சிருக்காங்க, ஆனா போர்ட்ஃபோலியோ 95% ஈக்விட்டி. இது எல்லை இல்ல, ஆசை. 2020 மாதிரி 38% இறக்கம் வந்தா, 60% ஈக்விட்டி, 40% கடன் ஃபண்ட் வெச்சிருக்கிறவருக்கே 23% சறுக்கல். 50:50 வெச்சிருந்தா 19%. 2008 மாதிரி 60% இறக்கத்துக்கும் 20%-க்குள்ள நிக்கணும்னா ஈக்விட்டி மூணுல ஒரு பங்குக்கு மேல போகவே கூடாது. (கடன் ஃபண்ட் ஏறாம இறங்காம இருந்ததா வெச்சுத்தான் இந்தக் கணக்கு.) எல்லையைக் காக்கிறது முதல்ல அசெட் அலொகேஷன். அலெர்ட் வெறும் வாட்ச்மேன்.

அப்ப வாட்ச்மேன் எதுக்கு? அவர் எப்ப கூப்பிடுறார் என்கிறதைப் பொறுத்து நீங்க செய்ய வேண்டிய வேலை மாறுது. 10 லட்சம் போர்ட்ஃபோலியோ, 6 லட்சம் ஈக்விட்டி, 4 லட்சம் கடன் ஃபண்ட். எல்லை 20%, அதாவது 8 லட்சத்துக்குக் கீழ போகக் கூடாது. ஈக்விட்டி 20% இறங்குது. 4.8 லட்சமும் 4 லட்சமும் சேர்ந்து 8.8 லட்சம், சறுக்கல் 12%. எல்லைக்கு இன்னும் 80,000 ரூபாய் இடம் இருக்கு. "இங்க இருந்து ஈக்விட்டி இன்னொரு 20% இறங்கினாலும் எல்லையைத் தாண்டக் கூடாது"ன்னு நீங்க முடிவு பண்ணினா, ஈக்விட்டியில எவ்வளவு இருக்கலாம்? 80,000-ஐ 20%-ஆல வகுங்க: 4 லட்சம். இப்ப இருக்கிறது 4.8 லட்சம். 80,000 ரூபாயைக் கடன் ஃபண்டுக்கு மாத்தினா போதும். மறுபடி 20% இறங்கினா 3.2 லட்சமும் 4.8 லட்சமும், சரியா 8 லட்சம்.

அதே அலெர்ட்டை 18%-ல வெச்சிருந்தா? அப்ப ஈக்விட்டி 4.2 லட்சம், மொத்தம் 8.2 லட்சம், மீதி இடம் வெறும் 20,000. அதே கணக்குப்படி ஈக்விட்டியில 1 லட்சம்தான் இருக்கலாம். 3.2 லட்சத்தை விக்கணும், அதுவும் விலை இன்னும் கீழ போன பிறகு. 12%-ல 80,000, 18%-ல 3.2 லட்சம். எல்லைக்குப் பக்கத்துல அலெர்ட் வெச்சா, உங்களுக்குக் கிடைக்கிறது எச்சரிக்கை இல்ல, கிட்டத்தட்ட எல்லாத்தையும் விக்கச் சொல்ற உத்தரவு. எல்லையில பாதியைக் கொஞ்சம் தாண்டின இடத்துல முதல் அலெர்ட் வைங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

இதை 2020 மார்ச்சுல வெச்சுப் பார்ப்போம். அதே 60:40, ஈக்விட்டி முழுக்க நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட். மார்ச் 20 வெள்ளிக்கிழமை நிஃப்டி 8,745-ல முடிஞ்சுது. போர்ட்ஃபோலியோ சறுக்கல் 17.6%. 18%-ல வெச்ச அலெர்ட் அன்னைக்கு அடிக்கலை. அடுத்த வேலைநாள் திங்கள்கிழமை நிஃப்டி ஒரே நாள்ல 13% விழுந்துச்சு, நடுவுல சர்க்யூட் அடிச்சு 45 நிமிஷம் வர்த்தகம் நின்னுது. மறுநாள் காலையில உங்களுக்கு வர்ற முதல் மெயில் சொல்ற எண் 23.1%. எல்லையை எப்பவோ தாண்டியாச்சு.

12% அலெர்ட் எப்ப அடிச்சிருக்கும்? மார்ச் 12-ம் தேதி விலைக்கு. நிஃப்டி 9,590, சறுக்கல் 13.5%. மறுநாள் காலையில மெயில் வந்திருக்கும். மதியம் 3 மணிக்குள்ள மாத்தச் சொல்லியிருந்தா, அன்னைக்கு என்ஏவி கிடைச்சிருக்கும். அந்த மார்ச் 13 காலையிலேயே சந்தை சர்க்யூட் அடிச்சு நின்னு, அப்புறம் ஏறி 9,955-ல முடிஞ்சுது. மெயில் வந்ததுக்கும் உங்க யூனிட் விக்கிற விலைக்கும் நடுவுல ஒரு முழு நாள் சந்தை ஓடும் என்கிறதை இதுல கவனிங்க. இந்தத் தடவை அது உங்களுக்குச் சாதகமா ஓடுச்சு. எப்பவும் அப்படி ஓடாது.

அன்னைக்கு முடிஞ்ச விலையை வெச்சுச் சூத்திரப்படி சுமார் 67,000 ரூபாயை மாத்தியிருப்பீங்க. மார்ச் 23-ல சறுக்கல் 23.1%-க்குப் பதிலா 21.5%. ஆமா, இப்பவும் எல்லை உடைஞ்சுதான் இருக்கு, ஏன்னா நாம கணக்குப் போட்டது இன்னொரு 20%, வந்தது 23.6%. இதை மறைச்சு "அலெர்ட் வெச்சா காப்பாத்திடும்"னு சொல்ல எனக்கு விருப்பம் இல்ல. அதே இறக்கத்துல, முதல்லயே 50:50-ல இருந்தவர் எந்த மெயிலும் இல்லாம, எதையும் விக்காம 19%-ல நின்னிருப்பார்.

அதனால அலெர்ட்டோட இன்னொரு பயன் சந்தை ஏறுற காலத்துலதான் இருக்கு. ரெண்டு வருஷம் நல்லா ஏறினா உங்க 50:50 உங்களுக்கே தெரியாம 62:38 ஆகியிருக்கும். `Holdings` ஷீட்ல ஈக்விட்டி சதவீதத்துக்கு ஒரு செல் ஒதுக்கி, திட்டத்தை விட 5 புள்ளி மேல போனா அதுக்கும் ஒரு மெயில் வைங்க. சறுக்கல் வந்த பிறகு விக்கிறதை விட, உச்சத்துல இருக்கும்போது கொஞ்சம் குறைக்கிறது எவ்வளவோ சுலபம். மனசுக்கும் சுலபம்.

"எஸ்ஐபி போட்டுட்டு மறந்துடணும்னு சொன்னாங்களே சார்?"

இந்தக் கேள்வி நியாயமானது. 2020 மார்ச்சுல பயந்து வித்தவங்களுக்கு என்ன ஆச்சு? அதே வருஷம் நவம்பர்லயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. மேல சொன்ன 67,000 ரூபாயும் அந்த மீட்சியில பங்கெடுக்கலை. எல்லைக்குக் கொடுக்கிற விலை அது. அந்த விலை எந்தப் பணத்துக்குத் தகும்னு பிரிச்சுப் பார்க்கணும்.

தேதி குறிச்ச பணம்னு ஒண்ணு இருக்கு. மூணு வருஷத்துல வீட்டு முன்பணம், ரெண்டு வருஷத்துல எம்எஸ் படிக்கப் போற செலவு. அந்தத் தேதியில சந்தை எங்க இருக்கும்னு யாருக்கும் தெரியாது. 20% இழந்தா சமன் ஆக 25% ஏறணும், 40% இழந்தா 67% ஏறணும். உங்க தேதி அதுக்காகக் காத்திருக்காது. இந்தப் பணத்துக்குத்தான் எல்லை, அலெர்ட், 80,000 கணக்கு எல்லாமே.

28 வயசுல ரிட்டயர்மென்ட்டுக்குப் போடுற பணத்துக்கு இந்த விக்கிற விதியை வைக்காதீங்க. அதுக்கும் என்ஏவி எழுதுங்க, சறுக்கலைப் பாருங்க, ஆனா அலெர்ட் வந்தா செய்ய வேண்டியது தலைகீழ்: ஈக்விட்டி பங்கு திட்டத்தை விடக் குறைஞ்சிருக்கும், அதைப் பழையபடி நிரப்புங்க. ரெண்டு பணத்தையும் ஒரே ஷீட்ல கலந்து வெச்சா, ஒரே மெயிலுக்கு ரெண்டு எதிரெதிர் பதில் சொல்ல வேண்டி வரும். தனித்தனி `DD` ஷீட் போடுங்க.

"தினமும் பார்த்தா பயந்து வித்துடுவோம்" என்கிறதும் பாதி சரி. ஷீட்டைத் தினமும் பார்க்க வேண்டியது ஸ்கிரிப்ட்தான், நீங்க இல்ல. நீங்க மெயில் வந்தா மட்டும் திறந்தா போதும். அலெர்ட் வெச்சவருக்கு ஆப்பைத் தினமும் திறக்க ஒரு காரணம் குறையுது.

கடைசியா ஒரு சிஏ-வா சொல்ல வேண்டியது. அலெர்ட் வந்ததும் ஈக்விட்டி ஃபண்ட்ல இருந்து கடன் ஃபண்டுக்கு "ஸ்விட்ச்" பண்றதை நிறைய பேர் விற்பனையாவே நினைக்கிறதில்ல. ஒரே ஃபண்ட் ஹவுஸுக்குள்ள மாத்தினாலும் வருமான வரிக்கு அது விற்பனைதான். ஒரு வருஷத்துக்குள்ள வாங்கின யூனிட்டுக்கு லாபத்துல 20%, ஒரு வருஷத்துக்கு மேலன்னா அந்த நிதியாண்டுல 1.25 லட்சத்தைத் தாண்டின லாபத்துக்கு 12.5%. எந்த யூனிட் முதல்ல வாங்கினதோ அதுவே முதல்ல வித்ததா கணக்கு, அதனால பழைய எஸ்ஐபி யூனிட்தான் முதல்ல போகும். பல ஈக்விட்டி ஃபண்ட்ல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1% எக்ஸிட் லோடும் இருக்கும். 80,000 ரூபாயை மாத்துறப்ப, அதுல லாபம் 15,000-தான்னா, அந்த 15,000-க்குத்தான் வரி. இந்தத் தொகையைச் சறுக்கல் வர்றதுக்கு முன்னாடியே `Holdings` ஷீட்ல ஒரு செல்லுல எழுதி வைங்க. மார்ச் 13 மாதிரி ஒரு காலையில, 3 மணிக்கு முன்னாடி, அதை உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இருக்காது.